பெட்டிக்காரருக்கு ஒரு கடிதம்

ஈரோட்டுப் பக்கம் மசாலாத்தூள் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பாக்கெட்டுகளை அடுக்கிக் கடைகளுக்கு அனுப்ப மாதம் 12,000 அட்டைப்பெட்டிகள் வேண்டும். கோவையில் உள்ள ஒரு சிறிய பெட்டித் தொழிற்சாலை அவற்றைத் தருகிறது. பெட்டி ஒன்று 34 ரூபாய், ஆண்டு முழுவதும் ஒரே விலை, வாரம் இரண்டு முறை டெலிவரி. ஒப்பந்தம் மார்ச் 31-இல் முடிகிறது. எந்தத் தரப்பாவது 60 நாளுக்கு முன்னால் எழுத்தில் மறுப்புச் சொல்லாவிட்டால் அது இன்னும் ஓராண்டுக்குத் தானாகவே நீளும் என்று ஒரு விதியும் இருக்கிறது.

ஜனவரி முதல் வாரம். கொள்முதல் மேலாளர் பெட்டிக்காரருக்கு எழுத உட்காருகிறார். அவருக்கு உறவு தொடர வேண்டும், விலை கைமீறக் கூடாது. விலையிலும் டெலிவரியிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று முதலாளியும் சொல்லிவிட்டார். ஆனால் அந்தச் சம்மதத்தைக் கடிதத்தில் எப்படித் தெரிவிப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

வழக்கமாகப் போகும் கடிதங்கள் இரண்டு வகை. ஒன்று, “விலை, டெலிவரி எல்லாவற்றிலும் அனுசரித்துப் போகத் தயாராக இருக்கிறோம், நேரில் பேசலாம்” என்று இருக்கும். படிக்கிறவருக்கு இதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இவர்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்றே நினைப்பார், கேட்க நினைத்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் சேர்த்துக் கேட்பார். இன்னொன்று, “5 சதவீதம் வரை கூட்டித் தர முடியும்” என்று இருக்கும். அந்த 5 சதவீதம் அன்றே அவர் கைக்குப் போய்விட்டது, பேச்சு அதற்கு மேலிருந்துதான் தொடங்கும். முதல் கடிதம் எதையுமே சொல்லவில்லை, இரண்டாவது எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. எந்த விஷயத்தில் இடம் இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லி, எவ்வளவு இடம் என்பதைச் சொல்லாமல் வைத்து, அந்த இடத்துக்குப் பதிலாக என்ன எதிர்பார்க்கிறோம் என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்ப்பதே சரியான வழி என்பது என் முடிவு. அதற்கு முதலில், நம் விட்டுக்கொடுப்பு எதிராளிக்கு என்ன பெறும் என்று தெரிந்திருக்க வேண்டும். பெட்டி எப்படி உருவாகிறது என்று தெரியாமல் அந்தக் கணக்கைப் போட முடியாது.

நம் பெட்டி 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம், ஐந்து ப்ளை. அதாவது மூன்று தட்டைக் காகிதங்களுக்கு நடுவே இரண்டு நெளிக் காகிதங்கள். ஒட்டும் மடிப்பையும் வெட்டுக் கழிவையும் சேர்த்தால் ஒரு பெட்டிக்குச் சுமார் 0.83 சதுர மீட்டர் அட்டை ஆகும். எல்லா அடுக்கும் 150 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள கிராஃப்ட் காகிதம் என்று கொள்வோம். நெளிக் காகிதம் வளைந்து வளைந்து போவதால் நீளம் ஏறத்தாழ 1.4 மடங்கு பிடிக்கும். கூட்டிப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 870 கிராம், பெட்டிக்குச் சுமார் 720 கிராம்.

இந்த 720 கிராம்தான் பேச்சுவார்த்தைக்கே அச்சாணி. கிராஃப்ட் காகிதம் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால், கழிவையும் சேர்த்து, பெட்டிக்கு ஏறத்தாழ 75 காசு ஏறுகிறது. காகிதம் கிலோ 32 ரூபாய் என்றால் நம் 34 ரூபாய் பெட்டியில் சுமார் 24 ரூபாய் காகிதத்துக்கே போய்விடும். பசை, அச்சு, கூலி, மின்சாரம், வண்டி வாடகை, லாபம் எல்லாம் மீதிப் பத்து ரூபாய்க்குள் அடங்க வேண்டும். (ரூபாய்க் கணக்குகள் எல்லாம் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும்.)

காகித விலை பெட்டிக்காரர் கையில் இல்லை. இங்குள்ள கிராஃப்ட் ஆலைகள் பெரும்பாலும் கழிவுத்தாளை நம்பி ஓடுகின்றன. அதில் கணிசமான பங்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2021-இல் இறக்குமதிக் கழிவுத்தாளும் கப்பல் கட்டணமும் சேர்ந்து ஏறியபோது நாடு முழுவதும் பெட்டி உற்பத்தியாளர்கள் திணறினார்கள். அப்படி ஓர் ஆண்டில் ஒரே விலை ஒப்பந்தம் வாங்குகிறவருக்கு லாபம் போலத் தெரியும். ஆனால் நஷ்ட விலையில் மாட்டிக்கொண்ட பெட்டிக்காரர் அந்த நஷ்டத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். எடுப்பதற்குக் கைக்கெட்டிய இடம் காகிதம்தான். 150 ஜி.எஸ்.எம். 130 ஆகும். அல்லது எடை மாறாமல் பி.எஃப். குறையும். பி.எஃப். என்பது காகிதம் அழுத்தத்தில் கிழியாமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண். 18 இருக்க வேண்டிய இடத்தில் 16 வந்தால் கண்ணுக்குத் தெரியாது. கிடங்கில் கீழ் வரிசைப் பெட்டிகள் பிதுங்கி, மசாலாப் பாக்கெட்டுகள் நசுங்கிய பிறகே தெரியும்.

ஆகவே விலையில் இளகுவது வாங்குகிறவருக்கும் ஒரு பாதுகாப்பு. ஆனால் அந்த இளக்கம் காகித விலையோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், ஏறும்போது மட்டுமன்றி இறங்கும்போதும் நகர வேண்டும்.

டெலிவரிக்கு வருவோம். இப்போது வாரம் இருமுறை, ஒரு நடைக்கு 1,500 பெட்டி. வாங்குகிறவருக்கு வசதி: இடம் அடைபடாது, பணமும் முடங்காது. ஆனால் கோவைத் தொழிற்சாலையில் ஒவ்வொரு நடைக்கும் காகித உருளை மாற்றி, அச்சுத் தகடு மாட்டி, மடிப்பு வெட்டும் இயந்திரத்தின் அளவைச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் முதல் சில தாள்கள் கழிவாகப் போகும். சிறிய ஆலைகளில் ஒட்டிய அட்டை காய்வதற்கும் நேரம் வேண்டும். வண்டிக் கணக்கு இன்னும் எளிது. 1,500 பெட்டி ஏற்றிய சிறிய லாரிக்கு 3,000 ரூபாய் வாடகை என்றால் பெட்டிக்கு 2 ரூபாய். வாரம் ஒரே நடையாக 3,000 பெட்டி போனால் எடை சுமார் 2.2 டன். கொஞ்சம் பெரிய வண்டிக்கு 4,500 ரூபாய், பெட்டிக்கு 1.50. வண்டியில் மட்டும் 50 காசு மிச்சம். ஓட்டம் பாதியாவதில் இன்னொரு 25 காசு மிஞ்சலாம்.

வாங்குகிறவருக்கு இதனால் ஆகும் செலவு என்ன? 3,000 பெட்டிகளை மடித்த நிலையில் ஆள் உயரத்துக்கு அடுக்க, நடமாடும் இடத்தையும் சேர்த்துச் சுமார் 150 சதுர அடி போதும். கிடங்கில் அது சும்மா கிடந்தால் செலவே இல்லை. நமக்குச் சொற்பச் செலவு, அவருக்கு நல்ல மிச்சம். இப்படிப்பட்ட விஷயத்தைத்தான் கடிதத்தில் முன்னால் வைக்க வேண்டும். வாங்குகிறவர்கள் விலையை மட்டுமே பார்த்துக்கொண்டு டெலிவரியைக் கடைசி வரியில் எழுதிவிடுகிறார்கள். அது பெரிய நஷ்டம்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. அட்டை ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிடங்குக் காற்று ஈரமாக இருக்கும்போது இரண்டு மூன்று வாரம் கிடந்த பெட்டி கைக்கே தளர்வாகத் தெரியும். அடுக்கினால் தாங்கும் வலு கணிசமாகக் குறைந்திருக்கும். தரையில் நேராக வைத்திருந்தால் இன்னும் மோசம். ஆகவே அந்த மாதங்களில் பழையபடி சிறு சிறு நடைகளாகத்தான் வாங்க வேண்டும். இதை மறந்து, ஆண்டு முழுவதும் பெரிய நடை எடுத்துக்கொள்கிறோம் என்று உற்சாகத்தில் எழுதினால், நவம்பரில் அந்த வாக்கியம் நம்மைக் கட்டிப்போடும்.

எழுதுவதற்கு முன் தேதிகளையும் பார்த்துவிட வேண்டும். மார்ச் 31-க்கு 60 நாள் முன்னால் என்றால் ஜனவரி 30. நடுவில் பொங்கல் வருகிறது. பெட்டி ஆலையில் ஆட்கள் ஊருக்குப் போனால் திரும்பி வந்து வேலை சூடுபிடிக்க ஒரு வாரம் ஆகும். சந்திப்பு எப்படியும் ஜனவரி மூன்றாம் வாரத்துக்குப் பிறகுதான். சந்திப்புக்கு நேரம் கேட்டுக் கடிதம் போட்டுவிட்டோமே, ஒப்பந்தம் எப்படித் தானாக நீளும் என்று பலர் நினைக்கிறார்கள். நீளும். சந்திப்புக் கேட்பது மறுப்பு அறிவிப்பு ஆகாது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஜனவரி 30 கடந்துபோனால், பிப்ரவரியில் பேசுவதற்கு நம்மிடம் பிடி எதுவும் இருக்காது.

முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு நல்லது. மூன்று ஆண்டுப் பழக்கமுள்ளவருக்கு முன்னறிவிப்பில்லாமல் கடிதம் போனால் மனம் கோணும். “அண்ணே, மார்ச்சோட நம்ம அக்ரிமெண்ட் முடியுதுங்க. அடுத்த வருசமும் உங்ககிட்டயே வாங்கோணும்னுதான் முதலாளி சொல்றாருங்க. லெட்டர் ஒண்ணு அனுப்பறேன், பாத்துட்டு ஒரு நாள் சொல்லுங்க.” இவ்வளவு போதும். “எவ்வளவு ஏத்தித் தருவீங்க?” என்று அங்கேயே கேள்வி வரும். “காகித ரேட்டை வெச்சு நேர்ல உக்காந்து போட்டுக்கலாமுங்க” என்று நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பிறகு கடிதம்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

நம்மிடையே உள்ள பெட்டி வழங்கல் ஒப்பந்தம் வரும் மார்ச் 31-ஆம் தேதி முடிகிறது. அடுத்த ஆண்டும் உங்களோடு தொடரவே விரும்புகிறோம். விதிகளைப் பேசி முடிவுசெய்ய, ஜனவரி 19 முதல் 23 வரை உங்களுக்கு வசதியான ஒரு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தர வேண்டுகிறோம். உங்கள் ஆலைக்கே வரவும் தயார்.

இரண்டு விஷயங்களில் புதிதாகப் பேச இடம் இருக்கிறது. வாரம் இருமுறை டெலிவரி என்பதை, மழை மாதங்கள் நீங்கலாக, குறைத்துக்கொள்ளலாம். ஆர்டரையும் இப்போது தருவதைவிட முன்னதாகத் தர முடியும். இதனால் உங்களுக்கு மிச்சமாகும் செலவில் ஒரு பங்கு விலையில் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அடுத்ததாக, ஆண்டு முழுவதும் ஒரே விலை என்ற முறைக்குப் பதிலாக, கிராஃப்ட் காகித விலை ஏறினாலும் இறங்கினாலும் பெட்டி விலையும் அதற்கேற்ப மாறும் முறையைப் பரிசீலிக்கலாம். காகிதத் தரம், பெட்டி எடை, அச்சு ஆகியவை இப்போதுள்ளபடியே தொடர வேண்டும்.

கடைசி மூன்று மாதக் காகிதக் கொள்முதல் விலையையும், ஒரே ஓட்டத்தில் எத்தனை பெட்டி போட்டால் உங்களுக்கு வசதி என்பதையும் சந்திப்பின்போது தெரிவித்தால் உதவியாக இருக்கும். எங்கள் ஆறு மாதத் தேவை மதிப்பீட்டை நாங்கள் கொண்டுவருகிறோம்.

இக்கடிதம் பேச்சுக்கான அழைப்பு மட்டுமே. புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை இப்போதைய விதிகளே நடப்பில் இருக்கும். பேச நேரம் வேண்டியிருப்பதால், ஒப்பந்தத்தில் உள்ள அறிவிப்புக் கெடுவை பிப்ரவரி 20 வரை நீட்டிக்க உங்கள் சம்மதத்தை ஜனவரி 24-க்குள் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.”

கடிதத்தில் ரூபாய் எதுவும் இல்லை, சதவீதமும் இல்லை. ஆனால் படித்தவுடன் பெட்டிக்காரர் மனத்தில் கணக்கு ஓடத் தொடங்கும்: நடை பாதியானால் எவ்வளவு மிஞ்சும், காகிதம் ஏறினால் நம் தலையில் விழாதே என்று. மூன்று மாதக் கொள்முதல் விலையைக் கேட்டது முக்கியம். காட்டத் தயங்காதவரோடு காகித விலைக் கணக்கு ஒப்பந்தம் போடலாம். “அதெல்லாம் எதுக்குங்க, ரெண்டு ரூபா ஏத்திக் குடுங்க” என்று பதில் வந்தால், காகிதத்தோடு சேர்ந்து நகரும் விலையை அவரிடம் பேசிப் பயனில்லை. ஒரே விலையை வைத்துக்கொண்டு டெலிவரியை மட்டும் பேச வேண்டியதுதான்.

கடைசிப் பத்தியில் சொன்ன “அழைப்பு மட்டுமே” என்ற வரியைச் சம்பிரதாயம் என்று நீக்கிவிடாதீர்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவர் முன்வைப்பதை மற்றவர் அப்படியே ஏற்றால் உடன்பாடு உருவாகிவிடும். மின்னஞ்சலில் நடந்தது என்பதற்காக அது செல்லாமல் போகாது என்று 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தெளிவாக்கப்பட்டிருக்கிறது. “ஏப்ரல் முதல் 35 ரூபாய் தருகிறோம்” என்று நாம் எழுதி, “சரிங்க, சம்மதம்” என்று அவர் பதில் போட்டால், அதன் பிறகு டெலிவரியைப் பேச என்ன இருக்கிறது?

பணம் தரும் தவணையைக் கடிதத்தில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. “90 நாள் கடன் கொடுங்கள்” என்பது நாம் கேட்கக்கூடிய சலுகையே அல்ல. ஆனால் முன்னதாகக் கொடுப்பது நல்ல துருப்பு. 45 நாளில் கொடுப்பதை 15 நாளில் கொடுத்தால், ஆண்டு வட்டி 12 சதவீதம் என்ற கணக்கில் 34 ரூபாய்ப் பெட்டிக்கு 34 காசு அவருக்கு மிஞ்சும். பேச்சு முட்டி நிற்கும் இடத்தில் எடுப்பதற்காக இதைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

சந்திப்பு எப்படிப் போகலாம்? பெட்டிக்காரர் 36 ரூபாய் என்று தொடங்குகிறார். பில்களைப் பார்த்தால் காகிதம் கிலோவுக்கு 2 ரூபாய் ஏறியிருக்கிறது. அப்படியானால் பெட்டிக்கு 1.50 நியாயம். வாரம் ஒரு நடையாக்கினால் 75 காசு மிச்சம். முழு மிச்சத்தையும் வாங்குகிறவரே எடுத்துக்கொண்டால் விலை 34.75-இல் நிற்கும். பெட்டிக்காரர் பாதி மிச்சம் தனக்கு வேண்டும் என்கிறார், 35.12 ஆகிறது. அந்த இடத்தில் 15 நாளில் பணம் என்ற துருப்பை எடுத்தால், 34.75-க்குத் திரும்பலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காகித விலையைப் பார்ப்பது, கிலோவுக்கு ஒரு ரூபாய்க்குள் ஏற்ற இறக்கம் இருந்தால் விலையைத் தொடாமல் விடுவது, அதற்கு மேல் போனால் ரூபாய்க்கு 75 காசு வீதம் இரு பக்கமும் மாற்றுவது என்று எழுதிக்கொள்ளலாம். எந்தத் தேதியின் காகித விலை அடிப்படை, எந்தத் தரக் காகிதம், யாருடைய பில்லைப் பார்ப்பது என்ற மூன்றையும் எழுதாமல் விட்டால் முதல் பரிசீலனையிலேயே சண்டை வரும்.

புதிய விலை வந்த பிறகு கண்காணிப்பு தொடர வேண்டும். ஒவ்வொரு நடையிலும் பத்துப் பெட்டிகளைத் தராசில் வைத்தால் போதும். சராசரி 720 கிராமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கேள்வி கேட்கலாம். ஈரமான பெட்டி எடை கூடிக் காட்டும் என்பதால் மழை நாளில் எடையை மட்டும் நம்ப முடியாது. பி.எஃப். குறைந்ததைத் தராசு சொல்லாது. அதற்கு அவ்வப்போது ஒரு மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஜனவரி 24 வரை பதிலே வராமல் போனால்? பெரும்பாலும் கோபம் காரணமாக இருக்காது. பெட்டிக்காரரும் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அல்லது பொங்கல் வேலையில் கடிதம் அடியில் போயிருக்கலாம். ஒரு முறை கூப்பிட்டுப் பார்க்கலாம். கெடு நீட்டிப்புக்குச் சம்மதம் எழுத்தில் வராவிட்டால், ஜனவரி 30-க்கு முன்பே அவர் கையில் சேரும்படி, இப்போதைய விதிகளில் தொடர விருப்பமில்லை, புதிய விதிகளில் பேச அழைப்பு அப்படியே இருக்கிறது என்று ஒரு முறையான அறிவிப்பை ஒப்பந்தம் சொல்லும் முகவரிக்குப் பதிவு வசதியுடன் கூடிய ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட வேண்டும். அனுப்புவதற்கு முன் “அண்ணே, தேதிக்காக அனுப்பறதுங்க, மனசுல வெச்சுக்காதீங்க, சந்திப்பு எப்பன்னு சொல்லுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்பினால் வருத்தம் வராது.